பக்கம் பிரிப்பதற்கு முன் 14 நாள் நோட்டு: ஒரு மரச்செக்குக் கடை இணையதளத்தின் நோக்கத்தை முடிவு செய்த விதம்

சிறு கடைக்காரர் இணையதளம் கேட்டு வரும்போது கையில் ஒரு பட்டியலும் இருக்கும். முகப்பு, எங்களைப் பற்றி, பொருட்கள், படத் தொகுப்பு, தொடர்பு. இந்தப் பட்டியல் எண்ணெய்க் கடைக்கும் பொருந்தும், பெயிண்ட் கடைக்கும் பொருந்தும். தளத்துக்கு வருகிறவர் யார், அவர் என்ன செய்துவிட்டுப் போனால் கடைக்கு லாபம் என்பதை மட்டும் அது சொல்லாது. அதைத் தீர்மானிக்காமல் டிசைன் வரைய உட்கார்ந்தால், ஒவ்வொரு பக்கத்திலும் கடைக்காரருக்கும் செய்து தருபவருக்கும் இழுபறிதான். எது மேலே வர வேண்டும், எது பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்கு இருவரிடமும் அளவுகோல் கிடையாது.

காங்கேயம் பக்கத்து மரச்செக்குக் கடை ஒன்றை எடுத்து, நோக்கத்தை முடிவு செய்யும் வேலையை முதலிலிருந்து கடைசிவரை இங்கே செய்து காட்டுகிறோம். கடையும் அதன் எண்களும் கணக்கு விளங்குவதற்காக வைத்துக்கொண்டவை. உங்கள் கடைக்கு உங்கள் நோட்டில் வரும் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கடையில் வாகை மரச் செக்கு இரண்டு. முதலாளியும் ஓர் ஆளும் ஓட்டுகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் எண்ணெய்க் கடை. உள்ளே நடப்பது நான்கு தொழில். கல்லாவில் பாட்டில் எண்ணெய் விற்கிறார்கள். வெளியூருக்குக் கூரியர் போகிறது. சமையல் ஒப்பந்தக்காரர்களும் மளிகைக் கடைக்காரர்களும் டின் கணக்கில் வாங்குகிறார்கள். நான்காவது கூலி ஆட்டல். தோட்டத்துக்காரர் தன் கொப்பரையையோ கடலையையோ எள்ளையோ கொண்டு வந்து, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்து, தன் எண்ணெயைத் தானே எடுத்துப் போவார். இந்த நான்குக்கும் தேவையான இணையதளம் நான்கு விதம். முதலாளி கேட்டது கூரியர் விற்பனைக்கான தளம்.

நோட்டு

முதல் வேலை 40 பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கல்லாவில் போனுக்குப் பக்கத்தில் நூலில் கட்டி வைப்பது. 14 நாளைக்கு வருகிற ஒவ்வொரு போனுக்கும் வாட்ஸ்அப் செய்திக்கும் ஒரு வரி. ஐந்து கட்டம் போதும்: என்ன கேட்டார், எந்த ஊர், புதியவரா பழையவரா, எங்களை எப்படித் தெரியும், கடைசியில் என்ன ஆயிற்று.

போனை வைத்ததும் எழுதிவிட வேண்டும். ராத்திரி கடை சாத்தும்போது நினைவிலிருந்து எழுதினால், பெரிய ஆர்டரும் சண்டை போட்டவரும் மட்டும்தான் நோட்டில் ஏறுவார்கள். "நாளைக்குக் கடை உண்டா" என்று கேட்டு வைத்தவர் காணாமல் போவார். பொங்கல், தீபாவளியை ஒட்டிய வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள். அந்த நாட்களில் வரும் கூட்டம் மற்ற மாதங்களைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

"என்ன கேட்டார்" கட்டத்தில் அவர் வாயில் வந்த சொல்லே இருக்கட்டும். "விசாரணை" என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது. ஒரு வரிக்குப் பின்னால் இப்படி ஒரு பேச்சு இருக்கும்:

"ஏனுங்க, கொப்பரை ஆட்டித் தருவீங்களா?"

"ஆட்டலாமுங்க. எத்தன கிலோ வெச்சிருக்கீங்க?"

"ஒரு முப்பது கிலோ வருமுங்க. கிலோவுக்கு எவ்வளவுங்க? புண்ணாக்கு எங்களுக்குத்தானுங்களே? நாளைக்குக் காலைல முடியுமுங்களா?"

"உங்களுக்குத்தானுங்க. நாளைக்குக் காலைல ரெண்டு செக்கும் ஓடுது. மத்தியானத்துக்கு மேல வாங்க."

"சரிங்க, பாத்துட்டுச் சொல்றேனுங்க."

இதற்கு நோட்டில் விழும் வரி: "கொப்பரை 30 கிலோ, கூலி என்ன, புண்ணாக்கு யாருக்கு, நாளை காலை முடியுமா / வெள்ளகோவில் / புதியவர் / மேப்பில் பார்த்தார் / வரவில்லை." இந்த ஒரு வரியிலேயே பின்னால் தளத்தில் எழுத வேண்டிய மூன்று கேள்விகள் இருக்கின்றன.

கூகுள் மேப்பில் கடைக்கு ஏற்கெனவே பக்கம் இருந்தால் அதையும் திறந்து பாருங்கள். எத்தனை பேர் அங்கிருந்து போன் போட்டார்கள், எத்தனை பேர் வழி கேட்டார்கள், எந்தச் சொல்லைத் தேடியபோது கடை தெரிந்தது என்று அது காட்டும். தளம் கட்டுவதற்கு முன்பே கிடைக்கும் தேடல் தகவல் இது, காசும் இல்லை.

எண்ணிக்கை காட்டிய தவறான வழி

14 நாளில் 126 வரி சேர்ந்தன என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர்கள் "எண்ணெய் இருக்கா, குடுத்து விடுங்க" என்று கேட்டவை 52. கூலி ஆட்டல் பற்றி 31. விலை மட்டும் கேட்டவர்கள் 19. கூரியர் 11. டின் கணக்கில் கேட்டவர்கள் 6. கடை எங்கே இருக்கிறது, இன்று திறந்திருக்கிறதா என்பது 7.

பெரிய எண்ணைப் பார்த்தவுடன், "வாடிக்கையாளர்கள் தளத்திலேயே ஆர்டர் போடட்டும், போன் குறையும்" என்று தோன்றும். அதிகம் பேர் விழும் இடம் இது. அந்த 52 பேரிடமும் கடை எண் இருக்கிறது, முதலாளி பெயர் தெரியும், பாதிப் பேருக்குக் கணக்கு நோட்டு ஓடுகிறது. அவர்கள் தளத்துக்கு வர மாட்டார்கள், வரவும் தேவையில்லை. முகவரி தட்டி, பொருள் தேர்ந்தெடுத்து, பெயர் நிரப்புவதைவிட ஒரு போன் அவர்களுக்குச் சுலபம். மூன்றாவது கட்டத்தைப் போடச் சொன்னது இதற்காகத்தான். பழையவர்களை அடித்துவிட்டு மிச்சத்தைத் திரும்ப எண்ண வேண்டும். இணையதளம் கடையைத் தெரியாதவருக்குத்தான் முதலில் வேலை செய்கிறது.

அப்படி அடித்தால் கூலி ஆட்டலில் புதியவர்கள் 22 பேர். அதில் 9 பேர் சரக்கோடு வந்தார்கள். 5 பேர் அன்றைக்கே ஆட்ட வேண்டும் என்றார்கள், செக்கு காலியில்லை. மீதி 8 பேர் "சொல்றேன்" என்று வைத்தவர்கள், வரவில்லை. விலை கேட்ட 19 பேரில் 4 பேர் வாங்கினார்கள். கூரியர் கேட்ட 11 பேரில் 3 பேர்.

பணமும் செக்கு நேரமும்

இனி ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரே கேள்வி. இதில் இன்னும் ஓர் ஆள் கூடினால் கையில் என்ன நிற்கும், அந்த ஆளைச் சமாளிக்கக் கடையில் இடம் உண்டா?

கூரியரைப் பார்ப்போம். 2 லிட்டர் கடலை எண்ணெய் அனுப்பினால் எண்ணெயில் நிற்கும் லாபம் ₹80. குமிழித்தாள், அட்டைப்பெட்டி, டேப் எல்லாம் சேர்த்து ₹35. கையில் ₹45. கூரியர் கட்டணம் வாங்குபவர் தலையில். பலர் பின்வாங்குவதும் அதனால்தான். எண்ணெய் லிட்டருக்கு ஏறக்குறைய 910 கிராம். 2 லிட்டர் என்றால் 1.82 கிலோ. பாட்டிலும் பெட்டியும் சேர்ந்ததும் 2 கிலோவைத் தாண்டி அடுத்த எடைப் படிக்குப் போய்விடும். 5 லிட்டரிலும் இதே கதைதான்: எண்ணெய் 4.55 கிலோ, டின்னோடும் பெட்டியோடும் 5-ஐத் தாண்டும். வழியில் ஒரு பாட்டில் கசிந்தால் திருப்பிக் கொடுக்கும் பணம் ஏழெட்டு ஆர்டரின் லாபத்தைத் தின்றுவிடும்.

கூலி ஆட்டலில் ஒருவர் சராசரி 30 கிலோ கொண்டு வருகிறார். கூலி கிலோவுக்கு ₹15 என்றால் ₹450. மின்சாரமும் ஆள் கூலியும் ₹170 போக ₹280 நிற்கும். பாட்டில் இல்லை, பெட்டி இல்லை, கசிவு இல்லை. சரக்கு வாங்கப் பணம் முடக்கவும் வேண்டாம்.

அடுத்து இடம். ஒரு செக்கு ஒரு தடவைக்கு, அதாவது ஓர் ஈட்டுக்கு, 15 கிலோ ஆட்டும், ஒன்றரை மணி நேரம் ஆகும். நாளைக்கு ஆறு ஈடு வைத்தால் இரண்டு செக்குக்கும் 12 ஈடு. கடையின் சொந்த எண்ணெய்க்கு 5, இப்போதைய கூலி ஆட்டலுக்கு 3. மீதி 4 ஈடு நேரம் செக்கு சும்மா நிற்கிறது. நான்கு ஈடு என்றால் 30 கிலோக்காரர் இரண்டு பேர். மாதம் 26 நாளில் 52 பேர், 52 × 280 = ₹14,560.

இதே பணத்தைக் கூரியரில் எடுக்க 14,560 ÷ 45, அதாவது மாதம் 324 ஆர்டர் கூடுதலாக வேண்டும். ஓர் ஆர்டருக்குக் கட்டுவதும் சீட்டு ஒட்டுவதும் 15 நிமிடம் என்றால் 80 மணி நேரத்துக்கு மேல். இருக்கும் இரண்டு பேரில் ஒருவரைச் செக்கிலிருந்து எழுப்பினால்தான் முடியும்.

இந்தக் கணக்கைத் தாளில் எழுதி முதலாளி முன்னால் வைத்தால் போதும், விவாதம் தேவைப்படாது. மனசாட்சிப்படி ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: இது இந்தக் கடையின் விடைதான். செக்கு நேரம் முழுக்க நிரம்பிய கடையில் கூலி ஆட்டலுக்குத் தளம் போட்டால், வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிக் கெட்ட பெயர்தான் வாங்கலாம். அங்கே டின் வியாபாரமோ கூரியரோ மேலே வரும்.

14 நாள் நோட்டு காட்டாத ஒன்று பருவம். கொப்பரை காய வெயில் வேண்டும். மாசி, பங்குனியில் களத்தில் நாலா பக்கமும் கொப்பரை கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கூலிக்கு வரும் கொப்பரை சுருங்கிவிடும். அதனால் போன வருடத்து ரசீதுப் புத்தகத்தை எடுத்து, கூலி ஆட்டல் ரசீதுகளை மாதம் மாதமாக எண்ண வேண்டும். ஒன்றிரண்டு மாதம் மட்டும் பள்ளம் என்றால் நோக்கத்தை மாற்ற வேண்டியதில்லை, அந்த மாதங்களுக்கான எதிர்பார்ப்பைக் குறைத்தால் போதும். பாதி வருடம் வறண்டு கிடந்தால் இந்தத் தொழிலை முதல் நோக்கமாக வைக்கவே கூடாது.

ஒரே வாக்கியம்

இப்போதுதான் நோக்கத்தை எழுதலாம். யார், எங்கே இருப்பவர், என்ன செய்ய வேண்டும், மாதம் எத்தனை என்ற நான்கும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்க வேண்டும். எங்கள் முதல் வரைவு: "கடையின் பெயர் நாலு பேருக்குத் தெரிய வேண்டும்." இதை எண்ண முடியாது, எந்தத் தளம் போட்டாலும் நிறைவேறியதாகச் சொல்லிக்கொள்ளலாம். அடித்துவிட்டோம். இரண்டாவது: "கூலி ஆட்டலும் கூரியரும் கூட வேண்டும்." இரண்டு நோக்கம் என்றால் முதல் திரையில் இரண்டு பொத்தான், இரண்டு வகை ஆட்களுக்கான பேச்சு. அதுவும் போயிற்று. நின்றது இது:

"காங்கேயத்தைச் சுற்றி 25 கிலோமீட்டருக்குள், சொந்தச் சரக்கு வைத்திருந்து இதுவரை நம் கடைக்கு வராதவர், புறப்படும் முன் வாட்ஸ்அப்பில் சரக்கு, எடை, நாள் மூன்றையும் அனுப்பி நேரம் வாங்க வேண்டும். இப்போது மாதம் ஏறக்குறைய 20 புதியவர். மூன்றாம் மாதத்தில் 40."

போன் என்று வைக்காமல் வாட்ஸ்அப் என்று வைத்ததற்குக் காரணம் செக்குச் சத்தம். இரண்டு செக்கும் ஓடும்போது மணி அடிப்பது கேட்காது, கேட்டாலும் கை முழுக்க எண்ணெய். செய்தி என்றால் ஈடு இறக்கும் இடைவெளியில் பார்க்கலாம். எழுதப் பழகாத பெரியவர்களுக்காகப் போன் எண்ணும் தளத்தில் இருக்கும், இரண்டாம் இடத்தில். பதில் எழுதுபவர் யார் என்பதையும் இப்போதே முடிவு செய்ய வேண்டும். இங்கே முதலாளிதான், ஒரு மணி நேரத்துக்குள். அதற்கு ஆள் இல்லையென்றால் வாக்கியத்தை மாற்றி எழுதுங்கள். கடையால் வாங்கிக்கொள்ள முடியாத செயலை நோக்கமாக வைத்தால் தளம் நன்றாக ஓடும் நாளில்தான் கடை திணறும்.

வாக்கியம் சரியா என்று பார்க்க, முதலாளி முதல் நாள் கேட்டவற்றை அதன் முன் நிறுத்துவோம். முகப்பில் தானே நகரும் பெரிய படங்கள்: வெள்ளகோவிலில் 30 கிலோ கொப்பரை வைத்திருப்பவருக்குக் கூலியும் நேரமும் வேண்டும், படம் நகர்வதால் அவருக்கு ஒன்றும் கிடைக்காது, வேண்டாம். தாத்தா காலத்து வரலாறு: தனிப் பக்கம் வேண்டாம், செக்குப் பக்கத்தில் ஆள் நிற்கும் ஒரு படமும் இரண்டு வரியும் போதும், சரக்கை நம்பிக் கொடுக்கப் போகிறவருக்கு அது உதவும். கூடையில் போட்டுப் பணம் கட்டும் வசதி: இப்போது வேண்டாம். அதைப் போட்டால் பணம் வாங்கித் தரும் நிறுவனம் திருப்பித் தரும் விதி, அனுப்பும் விதி, தனியுரிமை என்று பக்கங்கள் கேட்கும். ஐந்து பக்கத் தளம் பத்தாகும். கூரியர் கேட்பவருக்கு ஒரு வரியும் வாட்ஸ்அப் எண்ணும் கீழே இருக்கட்டும்.

நோட்டில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள்தான் முதல் திரை: கிலோவுக்குக் கூலி, குறைந்தது எத்தனை கிலோ, எவ்வளவு நேரம் ஆகும், புண்ணாக்கு யாருக்கு, பாத்திரம் கொண்டு வர வேண்டுமா. இதோடு யாரும் கேட்காத ஒன்றையும் சேர்த்தோம். கொப்பரை எந்த அளவு காய்ந்திருக்க வேண்டும் என்பது. ஈரம் 6 சதவீதத்துக்கு மேல் நின்றால் எண்ணெய் சரியாகப் பிரியாது, சீக்கிரம் சிக்கு வாடையும் அடிக்கும். வீட்டில் பார்க்கக் கருவி வேண்டாம். வளைத்தால் வளைந்து கொடுக்காமல் டப்பென்று ஒடிய வேண்டும். இதைத் தளத்திலேயே சொல்லிவிட்டால், 20 கிலோமீட்டர் வண்டியில் மூட்டை ஏற்றி வந்தவரை "இன்னும் ரெண்டு நாள் காயட்டுமுங்க" என்று திருப்பி அனுப்ப வேண்டியிருக்காது.

எண்ணும் வழியை முதலிலேயே வைத்தல்

பொத்தானில் நிரப்பிய செய்தியோடு இணைப்பு கொடுக்க வேண்டும்:

```
<a href="https://wa.me/91XXXXXXXXXX?text=தளம்-ஆட்டல்%0Aசரக்கு:%0Aஎடை:%0Aநாள்:">ஆட்ட நேரம் கேளுங்கள்</a>
```

எண்ணுக்கு முன் `+` குறியோ `0`-வோ போடக் கூடாது. நாட்டு எண் 91, அடுத்து பத்து இலக்கம், இடைவெளி கிடையாது. `%0A` என்பது அடுத்த வரிக்குப் போவதற்கு. "தளம்-ஆட்டல்" என்ற முதல் வரிதான் நம் எண்ணும் கருவி. இந்தச் சொல்லோடு வரும் செய்தி தளத்திலிருந்து வந்தது. வாட்ஸ்அப்பில் அதைத் தேடினால் மொத்தமும் வந்துவிடும். சிலர் நிரப்பியதை அழித்துவிட்டுத் தாங்களே எழுதுவார்கள். அதனால் உண்மை எண்ணிக்கை இதைவிடச் சற்றுக் கூடுதலாகத்தான் இருக்கும்.

கூகுள் அனலிட்டிக்ஸ் வைத்திருந்தால், வெளி இணைப்பைத் தொட்டதை அது தானாகவே `click` என்று பதிவு செய்யும். `wa.me` அதில் வரும். `tel:` இணைப்பு அப்படி வராது, தனியாகச் சொல்ல வேண்டும்:

```
<a href="tel:+91XXXXXXXXXX" onclick="gtag('event','phone_click')">அழைக்க</a>
```

தொட்டதை நேரம் வாங்கியதாக எண்ணிவிட வேண்டாம். நோக்க வாக்கியத்தில் இருப்பது நேரம் வாங்கியவர். அது கல்லா நோட்டில்தான் தெரியும். 14 நாள் முடிந்ததும் நோட்டை மூடாமல் இரண்டு கட்டத்தோடு தொடரச் சொல்லுங்கள்: நேரம் கொடுத்த நாள், சரக்கு வந்ததா.

மூன்றாம் மாதம் 40 வரவில்லை என்றால் எந்த இடத்தில் அறுந்தது என்று இந்த எண்களே காட்டும். தளத்துக்கு ஆளே வரவில்லை என்றால் மேப்பிலும் தேடலிலும் கடை தெரியவில்லை. பக்கத்தின் மேல் குறை இல்லை. ஆள் வந்து பொத்தானைத் தொடவில்லை என்றால், கூலித் தொகை முதல் திரையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் "விலைக்கு அழைக்கவும்" என்று யாராவது மாற்றியிருப்பார்கள். செய்தி வந்தும் நேரம் பதியவில்லை என்றால் பதில் தாமதம். வாட்ஸ்அப்பில் கேள்வி வந்த மணியையும் பதில் போன மணியையும் பத்துச் செய்திக்கு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். நேரம் வாங்கியவர் வரவில்லை என்றால் நாள் தள்ளிப் போகிறது என்று அர்த்தம். அன்றைக்கே ஆட்ட வேண்டும் என்ற 5 பேர் நோட்டில் முன்பே இருந்தார்கள். ஒரு செக்கின் கடைசி இரண்டு ஈட்டை முன்பதிவுக்குக் கொடுக்காமல் அன்றன்றைக்கு வருபவருக்கு ஒதுக்கி, அதைத் தளத்தின் முதல் வரியில் போட்டுப் பார்க்கலாம்.

இவை எல்லாம் சரியாக இருந்து, செக்கும் நிரம்பி, வருபவரைத் தள்ளிப் போடும் நிலை வந்தால், கூலி ஆட்டல் தன் இடத்தை முடித்துவிட்டது. அப்போது புது நோட்டு ஒன்று வாங்கி, 14 நாள் கணக்கை முதலிலிருந்து போட வேண்டும்.